ஈயம் தொடாமல் சுவிட்ச் மாற்றலாம்

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கியவர்களில் பலருக்கு முதல் வாரத்திலேயே ஒரு சந்தேகம் வந்துவிடும்: சத்தம் கொஞ்சம் அதிகமோ? கடையில் நின்று இரண்டு கீயைத் தட்டிப் பார்த்தபோது இனிமையாகக் கேட்ட அந்த 'கிளிக்', இரவு பதினொரு மணிக்கு வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு அவ்வளவு இனிமையாக இருப்பதில்லை. முன்பெல்லாம் இதற்கு இரண்டே வழிகள்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும், அல்லது கீபோர்டையே தள்ளிவிட்டு வேறொன்று வாங்க வேண்டும். மூன்றாவது வழி ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பலரும் பயன்படுத்துகிறார்கள். கீபோர்டை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சுவிட்சுகளை மட்டும் பிடுங்கி எடுத்துவிட்டு வேறு சுவிட்சுகளைச் செருகிக்கொள்வது. இதற்கு இடம் கொடுக்கும் கீபோர்டுகளைத்தான் ஹாட்ஸ்வாப் என்கிறார்கள்.

அலுவலகங்களில் கிடக்கும் சாதாரண கீபோர்டில் எல்லா கீகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனியாக ஒரு சுவிட்ச். அதற்குள் ஒரு ஸ்பிரிங், மேலும் கீழும் போய்வரும் ஒரு பிளாஸ்டிக் தண்டு, ஒன்றையொன்று தொட்டு விலகும் இரண்டு உலோகத் தகடுகள். அந்தத் தகடுகளின் நீட்சியாக இரண்டு மெல்லிய பின்கள் சுவிட்சின் அடியில் எட்டிப் பார்க்கும். நாம் அழுத்தும்போது அந்த இரண்டு பின்களும் மின்சார வழியில் ஒன்று சேர்கின்றன. அவ்வளவுதான் சுவிட்சின் வேலை. அழுத்தும்போது விரலுக்கு என்ன தெரிகிறது, காதுக்கு என்ன கேட்கிறது என்பதெல்லாம் ஸ்பிரிங்கும் தண்டும் செய்யும் வேலை.

இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான சுவிட்சுகளின் மூல வடிவம், ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்ச். அதன் காப்புரிமைக் காலம் முடிந்ததும் கேட்டரான், கைல், அவுடெமு போன்ற சீன நிறுவனங்களின் சுவிட்சுகள் சந்தையில் பெருகின. உள்ளே ஸ்பிரிங்கையும் தண்டையும் அவர்கள் எப்படி எப்படியோ மாற்றினார்கள். ஆனால் அடியிலுள்ள இரண்டு பின்களின் இடத்தையும், நடுவிலுள்ள தடித்த பிளாஸ்டிக் காலின் இடத்தையும் மாற்றவில்லை. ஒருவர் செய்த சுவிட்ச் இன்னொருவர் செய்த கீபோர்டில் பொருந்துவது இதனால்தான்.

பொருந்தும், சரி. ஆனால் எடுக்க முடியாது என்பதுதான் அந்தக் காலத்துச் சிக்கல். சுவிட்சின் இரண்டு பின்களும் சர்க்யூட் போர்டின் துளைகள் வழியாக மறுபக்கம் போய், அங்கே ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். எண்பத்தேழு கீகள் கொண்ட ஒரு கீபோர்டில் சுவிட்சுகளை மாற்ற வேண்டுமென்றால் 174 இடங்களில் ஈயத்தை உருக்கி, உறிஞ்சி எடுக்க வேண்டும். சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகியவருக்கே அது ஒரு நாள் வேலை. பழகாதவர் செய்தால் போர்டு மிஞ்சுவது சந்தேகம்.

ஹாட்ஸ்வாப் போர்டில் அந்த ஈயம் இல்லாமல் போய்விடவில்லை. அது வேறிடத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். போர்டின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு கீக்கும் ஒரு சிறிய பிளாஸ்டிக் சாக்கெட்டைத் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து அனுப்பிவிடுகிறார்கள். சாக்கெட்டுக்குள் இரண்டு உலோகக் கவ்விகள். மேலிருந்து நாம் செருகும் சுவிட்சின் பின்கள் போர்டின் துளைகளைக் கடந்து அந்தக் கவ்விகளுக்குள் நுழைந்து பிடித்துக்கொள்கின்றன. இழுத்தால் வந்துவிடும். கைல் நிறுவனத்தின் சாக்கெட்தான் இதில் மிகப் பரவலானது. அதில் நூறு முறை வரை செருகி எடுக்கலாம் என்று கணக்குச் சொல்வார்கள். வீட்டில் ஒரே கீபோர்டை வைத்திருப்பவர் தன் ஆயுளில் பத்து முறை தாண்டமாட்டார்.

இந்தச் சாக்கெட் எப்படி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பின்னால் வரும் எல்லாக் கோளாறுகளும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பழைய முறையில் பின் போர்டின் துளைக்குள் நுழைந்து, ஈயம் அந்தத் துளையையே நிரப்பியிருக்கும். பிடிப்பு போர்டின் கனம் முழுவதும் பரவியிருக்கும். சாக்கெட்டுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் உலோகக் காதுகள், போர்டின் அடிப்பரப்பில் உள்ள இரண்டு செப்புத் திட்டுகளின் மேல் ஈயத்தால் ஒட்டியிருக்கின்றன. அந்தத் திட்டு, போர்டின் மேல் ஒட்டப்பட்ட மெல்லிய செப்புத் தகடு மட்டுமே. நாம் சுவிட்சை மேலிருந்து அழுத்தும்போது அந்த விசை எந்தத் திசையில் போகிறது? சாக்கெட்டைப் போர்டிலிருந்து கீழே தள்ளுகிற திசையில். பின் நேராக இருந்தால் கவ்விக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும், சாக்கெட்டின் மேல் பாரம் அதிகம் விழாது. பின் வளைந்திருந்து கவ்வியின் விளிம்பில் முட்டிக்கொண்டால், நம் கட்டைவிரலின் முழு பலமும் அந்த இரண்டு ஒட்டுகளின் மேல் இறங்கும். ஈயம் விரிசல் விடும். இன்னும் மோசமானால், சுவரொட்டியை உரித்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வருவதுபோலச் செப்புத் திட்டே போர்டைவிட்டு உரிந்து வந்துவிடும்.

சுவிட்ச் உடைந்தால் புதியது வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். சாக்கெட் பெயர்ந்தால் எந்தச் சால்டரிங்கைத் தவிர்க்க நினைத்தோமோ அதே சால்டரிங் தேவைப்படும்.

மாற்றும் வேலையை ஒரு முறை முழுமையாகப் பார்த்துவிடலாம். மதுரையில் இருக்கும் என் அண்ணன் மகள் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறாள். எண்பத்தேழு கீ கொண்ட ஹாட்ஸ்வாப் கீபோர்டு வைத்திருக்கிறாள். அதோடு வந்தவை நீல சுவிட்சுகள். நீலம் என்றால் சத்தம். தண்டோடு சேர்ந்து ஒரு தனித் துண்டு ஒவ்வொரு அழுத்தலுக்கும் கீழே அடித்து 'கிளிக்' கொடுக்கும். "சித்தப்பா, கை நல்லாத்தான் போகுது. ஆனா ராத்திரி டைப் பண்ணா பக்கத்து ரூம்ல மாமனார் இருமுறார்" என்றாள் போனில். அந்த இருமல் எதற்காக என்று அவளுக்குத் தெரியும்.

சுவிட்சுகளில் மூன்று குணங்கள் உண்டு. நீலத்தைப் போலச் சத்தம் எழுப்புபவை ஒன்று. பழுப்பு நிறத்தவை பாதி வழியில் விரலுக்கு ஒரு சிறு தடையை உணர்த்தும், தனியாக ஒலி எழுப்பாது. சிவப்பு போன்றவை மேலிருந்து அடிவரை ஒரே சீராக இறங்கும். செர்ரி கணக்கில் சிவப்பை அழுத்த ஏறத்தாழ 45 கிராம் விசை போதும், பழுப்புக்கு 55, நீலத்துக்கு 60. பெயரும் நிறமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் டப்பாவில் போட்டிருக்கும் நிறத்தை நம்பாமல் குணத்தையும் கிராமையும் பார்த்து வாங்குவது நல்லது. பிறகு ஒரு விஷயம்: எந்தச் சுவிட்சைப் போட்டாலும் கீ அடிமட்டத்தில் போய் முட்டும் சத்தம் இருக்கத்தான் செய்யும். 'கிளிக்' மட்டும்தான் போகும்.

எண்பத்தேழையும் மொத்தமாக வாங்காதே, முதலில் பத்து மட்டும் வாங்கு என்றேன். ஹாட்ஸ்வாப்பின் பெரிய லாபமே இதுதான் என்பது என் கட்சி. பற்றவைத்த கீபோர்டில் எல்லாவற்றையும் மாற்றி முடித்த பிறகுதான் பிடித்ததா இல்லையா என்று தெரியும். இதில் பத்தைப் போட்டு ஒரு வாரம் வேலை செய்து பார்க்கலாம். அவள் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவள். நடு வரிசையில் ஆங்கில A-யிலிருந்து அரைப்புள்ளி வரை உள்ள பத்து கீகளில்தான் அ, இ, உ, புள்ளி, எ, க, ப, ம, த, ந எல்லாம் இருக்கின்றன. தமிழில் எதை எழுதினாலும் இந்த வரிசையைத் தொடாமல் ஒரு சொல் முடிவது அரிது. பழுப்பில் பத்தை அங்கே செருகினாள். ஒரு வாரம் கழித்து, புள்ளி வைக்கும் F கீ லேசாக இறங்குவது பிடித்திருக்கிறது என்றாள். மீதியையும் வரவழைத்தோம். எண்பது வாங்கினால் மொத்தம் தொண்ணூறு, மூன்று மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் அவசியம். சுவிட்சை மாற்றுவதால் தமிழ் எழுத்து முறைக்கு ஒன்றும் ஆகாது, அது கணினிக்குள் இருக்கும் மென்பொருளின் வேலை.

வாங்கும்முன் பொருத்தம் பார்க்க வேண்டும். சில சுவிட்சுகளின் அடியில் மூன்று கால்கள் இருக்கும்: இரண்டு உலோகப் பின், நடுவில் ஒரு பிளாஸ்டிக் தூண். சிலவற்றில் அந்தத் தூணுக்கு இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் கால்கள் கூடுதலாக இருந்து ஐந்தாகும். ஐந்து துளை உள்ள போர்டில் இரண்டு வகையும் போகும். மூன்று துளை உள்ள போர்டில் ஐந்து கால் சுவிட்சைப் போட வேண்டுமானால் கூடுதல் பிளாஸ்டிக் கால்கள் இரண்டையும் நகவெட்டியால் நறுக்கிவிடலாம், செயல்பாட்டில் குறை வராது. உலோகத்தை மட்டும் தொடக் கூடாது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது சாக்கெட்டின் வகை. விலை குறைந்த பல கீபோர்டுகளில் 'ஹாட்ஸ்வாப்' என்று அட்டையில் எழுதியிருக்கும், ஆனால் உள்ளே இருப்பது மெல்லிய குழாய் மாதிரியான சாக்கெட். அவுடெமு சுவிட்சுகளின் பின்கள் கொஞ்சம் ஒல்லி என்பதால் அவை மட்டும் அதற்குள் போகும். மற்ற நிறுவனத்தின் பின்னை அதில் திணித்தால் வளையும், அல்லது குழாய் விரிந்துவிடும். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு சுவிட்சை எடுத்துவிட்டு மேலிருந்து பாருங்கள். நடுத் துளைக்கு அருகே நன்றாகப் பெரிய இரண்டு வட்டத் துளைகளும் அவற்றின் ஆழத்தில் உலோகமும் தெரிந்தால் அது கைல் வகை. ஊசி நுழையும் அளவுக்கு இரண்டு சிறு துளைகள் மட்டும் தெரிந்தால் அது ஒல்லிக் குழாய். ஒளியால் இயங்கும் ஆப்டிகல் சுவிட்ச், காந்த சுவிட்ச், உயரம் குறைந்த லோ புரொஃபைல் சுவிட்ச் ஆகியவை வேறு குடும்பங்கள். இந்தச் சாக்கெட்டுகளுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

இனி வேலை. யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட வேண்டும். வயர்லெஸ் என்றால் சுவிட்சை ஆஃப் செய்ய வேண்டும். கீபோர்டை மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. கீகேப்களை எல்லாம் எடுத்து முடித்ததும் எது எங்கே இருந்தது என்று பிறகு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்காது. கம்பி வளையம் போலிருக்கும் கீகேப் புல்லரால் மூடிகளை நேராக மேலே இழுக்க வேண்டும். ஸ்பேஸ், என்டர், பேக்ஸ்பேஸ், இரண்டு ஷிஃப்ட் ஆகிய நீளக் கீகளுக்கு அடியில் ஸ்டெபிலைசர் என்ற கம்பி அமைப்பு உண்டு. அவற்றை ஒரு பக்கமாகத் தூக்காமல் இரு முனையையும் மாற்றி மாற்றி மெதுவாகக் கிளப்ப வேண்டும்.

அடுத்து சுவிட்ச் புல்லர். அதன் முனையில் இரண்டு பற்கள் இருக்கும். சுவிட்சின் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் உள்ள சிறு கொக்கிகள்தான் அதை உலோகத் தகட்டில் பிடித்து வைத்திருக்கின்றன. பற்கள் அந்தக் கொக்கிகளின் மேல் உட்காருமாறு வைத்து, உள்நோக்கி அழுத்தி, நேராக மேலே இழுக்க வேண்டும். இடமும் வலமும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் பின்கள் சாக்கெட்டின் கவ்விகளை விரித்துவிடும். பிறகு அந்தக் கீ சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. ஒரே அடியில் எழுத்து விழாமல் போவதும், சிறிது அழுத்தினால் விழுவதும் அதன் அறிகுறி.

புதிய சுவிட்சைச் செருகும்முன் ஒவ்வொன்றின் பின்களையும் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். பையில் குலுங்கி வருவதால் சில சுவிட்சுகளில் பின் சாய்ந்திருப்பது சகஜம். சிறு இடுக்கியால் நிமிர்த்திவிடலாம், மென்மையான உலோகம்தான். ஆனால் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். பின்கள் ஒரு பக்கமாகத்தான் இருக்கும், ஆகையால் சுவிட்சைத் தலைகீழாகத் திருப்பிச் செருக முடியாது. சில போர்டுகளில் ஒன்றிரண்டு கீகளுக்கு மட்டும் துளைகள் எதிர்ப்பக்கம் இருக்கும். துளையைப் பார்த்துவிட்டுச் செருகினால் அந்தத் தொல்லை இல்லை. நேர் மேலிருந்து, இரு கொக்கிகளும் 'டக்' என்று தகட்டில் உட்காரும்வரை அழுத்த வேண்டும். வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்புத் தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். வெளியே எடுத்துப் பார்த்தால் அநேகமாக ஒரு பின் மடங்கியிருக்கும்.

கிட் வாங்கி முதல் கீபோர்டைத் தாங்களே பூட்டுகிறவர்களுக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. போர்டு இன்னும் பெட்டிக்குள் போயிருக்காது. முதலில் ஸ்டெபிலைசர்களைப் போர்டில் பூட்டிவிட வேண்டும். சுவிட்சுகள் ஏறிய பிறகு போர்டில் திருகும் வகை ஸ்டெபிலைசரைத் தொட வேண்டுமானால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும். பிறகு தகட்டை மேலே வைத்து நான்கு மூலைகளில் நான்கு சுவிட்ச், அடுத்து நடுவில் சில, அதன் பின் மற்றவை. ஒவ்வொன்றையும் செருகும்போது மறுகையின் விரலால் அடியில் அந்தச் சாக்கெட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சாக்கெட்டைக் கீழே தள்ளும் விசைக்கு எதிர்விசை அந்த விரல்தான். பூட்டிய கீபோர்டில் இப்படித் தாங்க முடியாது. போர்டு பெட்டிக்குள் ரப்பர் மேல் மிதக்கும்படி அமைத்த கீபோர்டுகளில் அழுத்தும்போது போர்டே கீழே வளையும். அந்த வகையில் நாலைந்து திருகைக் கழற்றி வெளியே எடுத்து வைத்துச் செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அண்ணன் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினாள். கேபிளைச் செருகி ஒவ்வொரு கீயாகத் தட்டிப் பார்த்ததில் இரண்டு பேசவில்லை. ஒன்று N, தமிழ்99-இல் 'ல'. இன்னொன்று வலது ஷிஃப்ட். கீபோர்டு போய்விட்டது என்று பதற இதில் ஒன்றுமில்லை. ஒரு வரிசையோ ஒரு நெடுக்கோ முழுதாகச் செத்திருந்தால்தான் கோளாறு போர்டின் தடத்திலோ சிப்பிலோ இருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கீ செத்திருந்தால் அந்தந்தச் சுவிட்சையும் சாக்கெட்டையும் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. வேலை செய்யாத சுவிட்சை எடுத்துவிட்டு, கேபிளைச் செருகிய நிலையில், உலோக இடுக்கியின் இரு முனையையும் சாக்கெட்டின் இரண்டு துளைகளுக்குள் விட்டு இரு கவ்விகளையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். சுவிட்ச் செய்வதும் இதையேதான் என்பதால் பயமில்லை, யுஎஸ்பியில் வருவது ஐந்து வோல்ட். வேறெங்கும் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். N-இல் இடுக்கி பட்டதும் திரையில் எழுத்து விழுந்தது. அப்படியானால் சாக்கெட் நலம், சுவிட்சில்தான் குறை. எடுத்த சுவிட்சின் ஒரு பின் சாக்கெட்டுக்குள் போகாமல் அடிப்பக்கத்தோடு மடிந்து ஒட்டிக் கிடந்தது. மிச்சமிருந்த மூன்றில் ஒன்றைப் போட்டதும் 'ல' வந்துவிட்டது.

வலது ஷிஃப்டில் இடுக்கியைத் தொட்டும் ஒன்றும் நடக்கவில்லை. போர்டை வெளியே எடுத்து, அடியில் அந்தச் சாக்கெட்டை விரலால் போர்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டு திரும்பச் சோதித்தால் வேலை செய்தது, விரலை எடுத்தால் நின்றது. ஈய ஒட்டு ஒரு பக்கம் விரிசல் விட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. நல்லவேளையாகச் செப்புத் திட்டு உரியவில்லை. செல்போன் சர்வீஸ் செய்யும் கடையில் கொடுத்து அந்த ஒரு முனையைச் சூடாக்கிப் புது ஈயம் வைத்ததோடு முடிந்தது. இதைவிடப் பெரிய வேலையை அவர்கள் தினமும் செய்கிறார்கள். திட்டே உரிந்திருந்தால் சாக்கெட்டின் காதிலிருந்து அந்தத் தடம் போய்ச் சேரும் அடுத்த இடத்துக்கு மெல்லிய ஒயர் ஒன்றை இழுத்துப் பற்றவைக்க வேண்டியிருக்கும். அதுவும் முடியும், ஆனால் தெரிந்த கை வேண்டும். அதுவரை தள்ளிப்போட நினைப்பவர்கள், கீபோர்டு அனுமதித்தால் usevia.app போன்ற தளத்தில் அந்தக் கீயின் வேலையை யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஹாட்ஸ்வாப்புக்கு எல்லைகள் இல்லாமல் இல்லை. சாக்கெட் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் கீகளின் அமைப்பும் அதோடு உறைந்துவிடும். பேக்ஸ்பேஸை இரண்டாகப் பிரிப்பது, ஸ்பேஸ் பாரின் நீளத்தை மாற்றுவது போன்ற ஆசைகளுக்குப் பற்றவைக்கும் போர்டுதான் தாராளமாக இடம் கொடுக்கும். பல ஆண்டுகள் ஒரே சுவிட்சோடு இருக்கப்போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கும் பற்றவைத்த போர்டின் பிடிப்புதான் பலம். ஆனால் முதல் கீபோர்டிலேயே தன் விரலுக்கு எது பிடிக்கும் என்று அறிந்தவரை நான் பார்த்ததில்லை. ஆகவே முதல் கஸ்டம் கீபோர்டு ஹாட்ஸ்வாப்பாக இருப்பதுதான் சரி. கடைக்குப் போனால் விளக்கு எத்தனை நிறத்தில் எரிகிறது என்பதைப் பிறகு பாருங்கள். முதலில் ஒரு சுவிட்சை எடுத்துக் காட்டச் சொல்லி, அந்தத் துளைக்குள் எட்டிப் பாருங்கள்.